படலையடியில் வரும் கதை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வெளிக்கள வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நாளில் கிடைக்கும் சுகவிசாரிப்புகளுக்குக் கணக்கில்லை. திருக்கடலூரில் வலை பொத்திக்கொண்டிருக்கும் அண்ணை தலையை நிமிர்த்தி, "என்ன தங்கச்சி, சுகமா?" என்பார். உட்துறைமுக வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் ஆசிரியை, "எங்க இந்தப் பக்கம்?" என்பார். கிண்ணியாப் பாலத்தைக் கடந்தால் ஸலாம். சீனக்குடாவில் மா ஆலை வேலை முடிந்து வரும் சிங்களத் தொழிலாளி "கொஹொமத?" என்று கையை உயர்த்துவார். இவற்றில் பெரும்பாலானவை மரியாதை மட்டுமே. பதிலுக்கு மரியாதை செய்துவிட்டு நடந்தால் போதும், இருதரப்புக்கும் திருப்தி.

ஆனால் இவர்களுக்கு இடையில் வேறொருவரும் நிற்பார். நாளைய தவணைக்குக் காசில்லாதவர், வீட்டில் நோயாளியை மறைத்து வைத்திருப்பவர், அடி வாங்குகிறவர், உயிரையே விடலாமா என்று யோசிக்கிறவர். அவரும் "சுகமா?" என்றுதான் தொடங்குவார். அவருக்கென்று தனியாக ஒரு சொல் கிடையாது. குடும்பநல உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர், கோயிலிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் வீடு பார்க்கப் போகிற தொண்டர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது இதைத்தான்: இருவரையும் எப்படிப் பிரித்தறிவது?

என் பதில், தொடக்கத்தைக் கவனித்துக்கொண்டிருக்காதீர்கள், முடிவைக் கவனியுங்கள் என்பது. மரியாதைக்காகச் சுகம் கேட்டவர் உங்களைப் போகவிடுவார். தேவையோடு வந்தவரால் போகவிட முடியாது. வீட்டுக்குள் அரை மணி நேரம் இருந்தபோது வராத கதை, நீங்கள் படலையைத் திறக்கும்போது வரும்.

கதை எப்படி முடிகிறது

எமானுவேல் ஷெக்லொஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து, அவை எப்படி முடிகின்றன என்பதை ஆராய்ந்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உரையாடல் தானாக நின்றுவிடுவதில்லை, இருவரும் சேர்ந்துதான் அதை முடிக்கிறார்கள் என்று அதில் காட்டினார்கள். ஒருவர் "சரி" என்கிறார். அந்த "சரி"யில் புதிய விஷயம் எதுவுமில்லை. 'என்னிடம் சொல்ல வேறொன்றும் இல்லை, உங்களிடம் இருந்தால் இப்போது சொல்லலாம்' என்று மற்றவருக்கு இடம் விடுகிறார். மற்றவரும் "சரி" என்றால் கதை முடிந்தது. அவரிடம் இன்னும் சொல்லாத ஒன்று இருந்தால் அது வெளியே வருகிற இடமும் இதுதான்.

நம் ஊரில் இந்த இடத்துக்கு உரிய பேச்சுகள் எல்லோருக்கும் தெரியும். "அப்ப சரி", "வேற என்ன?", "அப்ப நான் வரட்டே?" இவற்றுக்கு "ஓம், போயிட்டு வாங்க" என்று உடனே பதில் வந்தால் அது நிறைவான சுகவிசாரிப்பு. கேள்வி, பதில், திருப்பிக் கேட்ட கேள்வி, அதற்குப் பதில், விடைபெறல் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. அதில் தோண்டுவதற்கு எதுவுமில்லை. தோண்டினால் மற்றவருக்குச் சங்கடம்தான் மிஞ்சும்.

"வரட்டே?" என்று கேட்ட பிறகு வேறு மாதிரியான பதில்கள் வரும்போதுதான் நிற்க வேண்டும். ஏற்கெனவே கேட்ட சுகத்தை இரண்டாம் முறை கேட்பார்: "அம்மா சுகமா இருக்கிறாவோ?" என்று கதையின் தொடக்கத்திலேயே கேட்டு நீங்கள் பதிலும் சொல்லியிருப்பீர்கள், இப்போது திரும்பவும் கேட்பார். அல்லது, முன்பே கொடுத்திருக்க வேண்டிய தேத்தண்ணியை இப்போது எடுத்துவருவார். அல்லது, தனக்குச் சம்பந்தமில்லாதது போல ஒரு விவரம் கேட்பார். சிலர் ஒன்றும் சொல்லாமல் உங்களோடு ரோட்டு வரைக்கும் நடந்து வருவார்கள். சொல் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: கதையை மூடவிடாமல் பிடித்து வைத்திருப்பது.

ஒருமுறை பிடித்து வைத்தால் அதை அன்பாக எடுத்துக்கொள்ளலாம். நம் ஆட்கள் விருந்தாளியை ஒரே சொல்லில் அனுப்பிவைப்பதில்லை. ஆகவே நான் சொல்லிக்கொடுக்கும் முறை, இரண்டு தரம் விடைபெற்றுப் பார்ப்பது. முதல் தரம் தடுத்தவர் இரண்டாம் தரம் தாராளமாக விட்டுவிட்டால் உபசாரம். இரண்டாம் தரமும் வேறொரு நூலை எடுத்து நீட்டினால், கையிலுள்ள கோப்பை மூடி பைக்குள் வைத்துவிட்டு அவரைப் பாருங்கள்.

"இருக்கிறம்" என்ற பதிலை எப்படி எடுத்துக்கொள்வது

சுகம் கேட்டால் வரும் பதிலைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். கெயில் ஜெஃபர்சன் 1980இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. துன்பத்தில் இருப்பவர்கள் "நல்ல சுகம்" என்று முழுதாகப் பொய் சொல்வதும் இல்லை, "எனக்குக் கஷ்டம்" என்று திறப்பதும் இல்லை. வழக்கமான பதிலில் ஒரு படி குறைத்துச் சொல்கிறார்கள். கேட்பவர் பிடித்துக்கொண்டால் கதை வரும், விட்டுவிட்டால் அப்படியே போய்விடும் என்பது அவருடைய அவதானம்.

இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் தவறிவிடுவோம். இங்கே படி குறைத்துச் சொல்வதுதான் வழக்கம். "நல்லா இருக்கிறம், ஒரு குறையும் இல்லை" என்று எவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நாவூறு பட்டுவிடும் என்ற பயம். "ஏதோ இருக்கிறம்", "ஓடுது", "பரவாயில்ல" என்பவை சாதாரண நாளின் பதில்கள். முஸ்லிம் வீடுகளில் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார்கள். நல்ல நாளிலும் அதுதான் பதில், மையித்து வீட்டிலும் அதுதான் பதில், இறைவனைப் புகழாமல் தன் நிலையைச் சொல்வது முறையல்ல என்பதால். அந்தச் சொல்லிலிருந்து ஒன்றும் அறிய முடியாது, அதற்கு அடுத்ததாக வருவதைத்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? அதே ஆளின் வழக்கத்தை வைத்துத்தான். எப்போதும் "ஏதோ ஓடுது" என்கிறவர் இன்றும் அப்படிச் சொன்னால் கவலைப்பட வேண்டாம். எப்போதும் கலகலவென்று நாலு வார்த்தை பேசுகிறவர் "ம், இருக்கிறம்" என்று முடித்தால் கவலைப்படுங்கள். புதிதாக ஒரு பிரிவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதல் சில மாதங்களுக்கு இதைச் செய்ய முடியாது. அந்த மாதங்களில் ஊரின் சாதாரணப் பதில்களைக் காதில் வாங்கிக்கொள்வதே வேலை.

காலத்தையும் வைத்து அளக்க வேண்டும். இந்தக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்று வந்து கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சிறு தோணிக்காரருக்குத் தொழில் இல்லை. அந்த நாட்களில் கடற்றொழிலாளர் குடியிருப்பு முழுவதுமே "ஏதோ இருக்கிறம்" என்றுதான் சொல்லும், நகை அடகுக்குப் போவதும் அப்போதுதான். அதே பதில் வைகாசி, ஆனியில், கடல் தணிந்து தோணிகள் போய்வரும்போது ஒரு வீட்டிலிருந்து மட்டும் வந்தால் அந்த வீட்டுக்கென்று தனிக் காரணம் ஏதோ இருக்கிறது. டிசம்பர் 26ஐ ஒட்டிய நாட்களை வேறாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2004 சுனாமியில் ஆட்களை இழந்த வீடுகளில் அந்த வாரத்தில் வரும் தயங்கிய பதிலுக்குப் பின்னால் புதிய தேவை ஏதும் இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவதே அங்கே பொருத்தமானது.

உடம்பைப் பற்றிய பேச்சையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்ச் சமூகத்தின் உளநலம் பற்றி நீண்டகாலம் எழுதிவந்த யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், நம் ஆட்கள் மனவேதனையை உடலின் வழியாகவே சொல்வதைக் காட்டியிருக்கிறார். அவர் குறிப்பிடும் அடையாளங்களில் ஒன்று பெருமூச்சு. "சுகமா?" என்றதற்குச் சொல்லுக்கு முன்னால் ஒரு பெருமூச்சு வந்தால், அல்லது தலையிடி, நெஞ்சு இறுக்கம், மேல் நோவு என்று நோய்ப் பெயர்களாகவே பதில் வந்தால், அந்த நோயை முதலில் நோயாகவே எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். "மனக்கவலையாக்கும்" என்று நீங்களாக முடிவு கட்டக் கூடாது. இரத்த அழுத்தமாகவும் இருக்கலாம், கவலையாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஒரு சந்திப்பு

பல உத்தியோகத்தர்களிடம் கேட்டவற்றைச் சேர்த்து, பயிற்சிக்காக நான் அமைத்த சந்திப்பு இது. ஆனி மாதம், கடல் அமைதி. கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தையை நிறுத்துவிட்டு வருகிறார் குடும்பநல உத்தியோகத்தர். பக்கத்து வீட்டுப் படலையில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா நிற்கிறார். அவருடைய வீட்டில் சிறுபிள்ளையும் இல்லை, கர்ப்பிணியும் இல்லை.

"என்ன மிஸ், சுகமா இருக்கிறீங்களா?"

"ஓம் அம்மா, சுகம். நீங்க எப்பிடி இருக்கிறீங்க?"

"இருக்கிறம்."

"ஐயா கடலுக்குப் போறாரா?"

"ஓம்... போறார்தான்."

"சரி அம்மா, அப்ப நான் வாறன்."

"ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களன்."

"இன்னொரு நாளைக்குக் குடிக்கிறன் அம்மா. கிளினிக்குக்கு நேரமாகுது."

"ஓம் ஓம், போங்க... மகள், அந்தக் கிளினிக் எத்தின மணி மட்டும் இருக்கும்?"

"இருக்கிறம்" என்பதில் ஒன்றுமில்லை, ஊர் வழக்கு. "போறார்தான்" என்பதில் இருக்கிறது. கணவர் கடலுக்குப் போகிறாரா என்ற கேள்விக்கு ஆனி மாதத்தில் யோசிக்கவே தேவையில்லை, பதில் உடனே வரவேண்டும். பத்து மொழிகளில் 2009இல் செய்த ஒப்பீட்டில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளி சராசரியாக ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள். தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஆனாலும் ஒரு சின்னத் தயக்கத்தைக்கூட நம் காது கண்டுபிடித்துவிடுவது அனைவரும் அறிந்ததே. "போறார்" என்று சொல்லாமல் "போறார்தான்" என்றது, போகிறார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, முழு மனதோடு சொல்ல முடியவில்லை என்பதைக் காட்டுகிறது.

முதல் விடைபெறலுக்குத் தேத்தண்ணி வந்தது. அதை உபசாரமாக விட்டுவிடலாம். இரண்டாவதில் மூன்று விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. "போங்க" என்று விட்டபிறகு திரும்பப் பிடிக்கிறார். "மிஸ்" என்று தொடங்கியவர் "மகள்" என்கிறார். தனக்குத் தேவையில்லாத கிளினிக்கின் நேரத்தைக் கேட்கிறார். இதில் விளி மாறியதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். உத்தியோகத்தரிடம் கேட்கக் கூச்சப்படுவதை மகளிடம் கேட்கலாம் என்ற இடத்துக்கு அவர் தன்னைக் கொண்டுவந்திருக்கிறார். தொடக்கத்திலிருந்தே எல்லோரையும் "மகள்" என்று அழைப்பவரானால் அதற்குப் பொருளில்லை, நடுவில் மாறினால்தான் பொருள்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்கிற காரியம், "ஏன் அம்மா, யாருக்கு?" என்று கேட்பது. நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி முற்றத்தில் நிற்கிறார், எதிர்க்கடையில் நாலு பேர் இருக்கிறார்கள். அம்மாவுக்குச் சொல்லக்கூடிய ஒரே பதில், "சும்மாதான் கேட்டன்." அதைச் சொன்னபிறகு அவரால் திரும்ப அந்தக் கதையை எடுக்க முடியாது.

அதனால் கேட்டதற்கு நேரான பதிலும், அதோடு தனியாகப் பேச ஒரு நேரமும் இடமும் கொடுங்கள்: "பன்னிரண்டு மணி மட்டும் இருப்பன் அம்மா. பதினொன்றரைக்குப் பிறகு சனம் குறைஞ்சிடும், அப்ப வாங்க, ஆறுதலாக் கதைக்கலாம்." 'உங்களிடம் ஒரு கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்' என்பதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், முற்றத்தில் நிற்பவருக்கு மட்டும் அது விளங்கவில்லை.

அவர் வருகிறார். வந்தும் கொஞ்ச நேரம் வேறு கதை. பிறகு, "இவருக்குக் காலில ஒரு புண்." கணவருக்குச் சீனி வருத்தம். தோணி தள்ளும்போது மட்டி ஓடு உள்ளங்காலில் வெட்டி மூன்று கிழமை ஆகிறது. உப்புத் தண்ணி பட்டால் ஆறிவிடும் என்று அவர் சொல்கிறார், நோவு இல்லை என்றும் சொல்கிறார். வெளியில் தெரிந்தால் சம்மாட்டி வேறு ஆளைத் தோணிக்கு எடுத்துவிடுவார் என்று மனைவிக்கு வாய்ப்பூட்டு. தொழிலுக்குப் போய் பத்து நாளாகிறது.

நோவு இல்லை என்று கேட்டதும் உத்தியோகத்தர் அவசரப்பட வேண்டும். நீரிழிவு நீடித்தவர்களுக்குப் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்வு குறைந்துவிடும், புண் ஆழமாகப் போனாலும் தெரியாது. நோவில்லை என்பதாலேயே அது ஆபத்தான புண். மணக்கிறதா, சுற்றி வீங்கிச் சிவந்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்கவேண்டும். ஒன்றுக்கு "ஓம்" என்றாலும் அன்றே பொது வைத்தியசாலைக்குப் போகவேண்டும், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. சம்மாட்டியிடம் என்ன சொல்வது என்பதையும் அங்கேயே அம்மாவோடு பேசி முடிவு செய்துவிட வேண்டும். அவர் தேடிவந்த காரணத்தில் பாதி அதுதான். புண்ணை மட்டும் கேட்டு, தோணியைக் கேட்காமல் அனுப்பினால் கணவர் வைத்தியசாலைக்குப் போகமாட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். படலையில் நின்றபோது இது காலில் புண் என்று எவராலும் ஊகித்திருக்க முடியாது. குடி, சண்டை, கடன், மகளின் காதல் என்று எது வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். தேவை இருக்கிறது என்பதைச் சுகவிசாரிப்பிலிருந்து அறியலாம், என்ன தேவை என்பதை அறிய முடியாது. அனுபவம் கூடக்கூட உத்தியோகத்தர்கள் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். "எனக்குத் தெரியும், புருசன் அடிக்கிறான்" என்ற முடிவோடு கேட்கப்படும் கேள்விகள் மற்ற எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடும்.

கேட்கும் விதம்

நீங்களே வீட்டுக்குப் போய் வேலையை முடித்துக்கொண்டு எழும்பும்போது எதைக் கேட்பது? பெரும்பாலானோர் "வேற ஏதும் பிரச்சினை இல்லைத்தானே?" என்கிறார்கள். 'இல்லை' என்ற பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இதை அமெரிக்காவில் வைத்தியர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஜோன் ஹெரிட்டேஜும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு பகுதி வைத்தியர்கள் நோயாளியிடம் 'வேறு ஏதும் உண்டா' என்ற பாங்கிலும், மற்றப் பகுதியினர் 'இன்னும் சொல்ல இருக்கிறதல்லவா' என்ற பாங்கிலும் கேட்டார்கள். கேள்வியில் மாறியது ஒரு சொல்தான். முதலாவதுக்குப் பாதிக்குச் சற்றுக் கூடுதலானோர்தான் 'ஆம்' என்றார்கள், இரண்டாவதுக்குப் பத்தில் ஒன்பது பேர். வழக்கமான சந்திப்புகளோடு ஒப்பிட்டபோது, சொல்லாமலே திரும்பிய குறைகள் இரண்டாவது முறையில் 78 சதவீதம் குறைந்தன. சந்திப்பின் நேரம் பெரிதாக நீளவில்லை.

தமிழில் அந்த ஒரு சொல் மாற்றத்தை அப்படியே செய்ய முடியாது. நான் பழக்குவது இரண்டு கேள்விகள். வீட்டுக்கு உள்ளே இருக்கும்போது, கோப்பை மூடுவதற்கு முன், "இன்னும் என்ன கதைக்க இருக்கு, சொல்லுங்க." படலையடியில், அவர் பிடித்து வைத்திருப்பது தெரியும்போது, "ஏதோ சொல்ல வந்தீங்க போல." இரண்டாவதைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தயக்கத்தைப் பொறுக்கமாட்டாமல், "சரி, சரி, பிறகு கதைப்பம்" என்று நீங்களே மூடிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சொல்லத் தொடங்குகிறவருக்கு உங்களைவிட அதிக நேரம் தேவை.

மாமியார், கணவர், வளர்ந்த மகன் யாராவது பக்கத்தில் இருந்தால் இரண்டு கேள்விகளையும் கேட்காதீர்கள். அங்கே செய்யவேண்டியது, தனியாகப் பேச ஒரு சாட்டு உண்டாக்குவது மட்டுமே: கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லலாம், பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் எனலாம். வன்முறை என்று தெரியவந்தால், பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், 1938 என்ற இலக்கத்தில் மகளிர் உதவிச் சேவை இருக்கிறது. பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் 1929. இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொடுக்காதீர்கள், வீட்டில் கண்டெடுத்தால் அந்தத் தாளே அடிக்குக் காரணமாகும். நான்கு இலக்கங்களை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வராமல் போன சுகவிசாரிப்பு

இதுவரை சொன்னது நின்று பேசுகிறவரைப் பற்றி. வழக்கமாகச் சுகம் கேட்கிறவர் கேட்காமல் விலகுவதும் உண்டு. கடையடியில் உங்களைக் கண்டதும் குறுக்குத் தெருவுக்குள் திரும்புகிற பெண்ணைக் கோபமாக்கும் என்று விட்டுவிட வேண்டாம். நுண்கடன் வாங்கிய குழுக்களில் இது சாதாரணம். தவணை அறவிட வரும் நாளில் அந்தப் பெண்கள் எல்லோரையுமே தவிர்க்கிறார்கள், ஏனென்றால் சுகம் கேட்டால் அடுத்ததாக, "இந்தக் கிழமை கட்டிட்டீங்களா?" என்ற கேள்வி வரும். இந்தக் கடன்களின் பாரம் எவ்வளவு என்றால், 2018இல் அரசே வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபா வரையான கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. திருகோணமலையும் அவற்றில் ஒன்று. விலகுகிறவரைத் துரத்திப் பிடிக்காதீர்கள். தவணை நாள் இல்லாத வேறொரு நாளில், வேறொரு அலுவலோடு அவர் வீட்டைக் கடந்து போங்கள்.

வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன மூதூர், கிண்ணியாப் பெண்கள் வீட்டுக்கு எடுக்கும் அழைப்பிலும் இதே அளவுகோல் செல்லும். நீளமாகப் பேசுகிறவள் ஒரு நிமிடத்தில், "எல்லாரும் சுகமா? நான் சுகம். வைக்கிறன்" என்று முடிக்கத் தொடங்கினால், பக்கத்தில் எஜமானி நிற்கலாம். உறவினருக்கு நான் சொல்வது, ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள்: சாப்பாடு தருகிறார்களா, சம்பளம் வந்ததா, அடிக்கிறார்களா. சந்தேகம் உறுதியானால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். கடவுச்சீட்டு இலக்கமும் முகவரின் பெயரும் கையில் இருந்தால் வேலை விரைவாகும். இவற்றை அவள் புறப்படும்போதே வீட்டில் எழுதி வைத்திருக்கச் சொல்லுங்கள்.

விடைபெறுவதற்காகவே வருகிறவர்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் பொறுத்திருக்கலாம், நாளைக்கு வரச்சொல்லலாம். ஒன்றில் மட்டும் முடியாது. ஒருவர் அழைக்காமலே வீட்டுக்கு வந்து, அல்லது வழியில் நிறுத்தி, ஒழுங்காகச் சுகம் விசாரித்துவிட்டு, "நான் ஏதும் பிழை விட்டிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க" என்கிறார். அல்லது, "பிள்ளையளை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க" என்கிறார். இங்கே கதை மூடாமல் நீளுவதில்லை. அளவுக்கு மீறி முழுதாக மூடுகிறது.

இதே சொற்களுக்கு முறையான இடமும் உண்டு. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போகிறவர் வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். வெருகல் வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவரும் சொல்லிக்கொண்டுதான் புறப்படுவார். பெரிய சத்திரசிகிச்சைக்கு முதல் நாளும் சிலர் அப்படிக் கேட்பார்கள். அப்போது எங்கே, எப்போது போகிறார் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். அப்படி எந்தப் பயணமும் இல்லாமல் இந்தச் சொற்கள் வந்தால், அதோடு கடனைத் திருப்பிக் கொடுப்பது, பொருட்களைப் பிறருக்குக் கொடுப்பது போன்றவையும் தெரிந்தால், பல நாள் துக்கமாக இருந்தவர் திடீரென்று அமைதியாகத் தெரிந்தால், நேராகக் கேட்க வேண்டும்: "சாக வேணும் எண்டு யோசிக்கிறீங்களா?" இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை ஊட்டிவிடாது என்பது உலக சுகாதார நிறுவனமும் வலியுறுத்துவது. கேட்டவரிடம் சொல்லலாம் என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

"ஓம்" என்றால், அல்லது பதில் சொல்லாமல் அழுதால், அவரைத் தனியே விட்டுப் போகாதீர்கள். வீட்டிலுள்ள கிருமிநாசினியும் மாத்திரைகளும் அன்றே வேறு வீட்டுக்குப் போக வேண்டும். இலங்கையில் 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவுக்கு இருந்த தற்கொலை, கொடிய கிருமிநாசினிகளைத் தடைசெய்த பிறகு வெகுவாகக் குறைந்தது. கைக்கு எட்டாத தூரத்தில் வைப்பது உண்மையிலேயே உயிரைக் காக்கிறது. தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் எந்நேரமும் பேசலாம். ஏற்கெனவே ஏதும் குடித்துவிட்டார் என்ற சந்தேகம் சிறிதளவாவது இருந்தால் 1990 அம்புலன்ஸ், வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம், போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் அவர் நம்புகிற ஒருவருக்குச் சொல்லுங்கள், யாருக்குச் சொல்லலாம் என்பதை அவரிடமே கேளுங்கள். இரவுக்கு யார் கூட இருப்பார் என்று பெயர் சொல்லித் தீர்மானித்த பிறகு நீங்கள் புறப்படலாம். மறுநாள் காலை முதல் வேலையாக அவரை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.